சிங்குக்கு முன்னால் மூன்று அங்குலம்

சமையல் மேடைக் கல் விரிசல் விட்டால், பெரும்பாலும் சிங்குக்கு முன்னால் இருக்கும் ஒல்லியான பட்டையில்தான் விடும். மேலிருந்து அழுத்தும் பாரத்தைக் கிரானைட் நன்றாகவே தாங்கும், வளைவதைத்தான் தாங்காது. அடியில் பிடிமானம் இல்லாத இடத்தில் பாரம் விழும்போது கல்லின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கேதான் விரிசல் தொடங்கும்.

ஒரு 'எல்' வடிவ மேடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கை 9 அடி, மறு கை 6 அடி, அகலம் 2 அடி, கல் 18 மி.மீ. தடிமன். நீளக் கையில் சிங்க், குட்டைக் கையில் ஹாப். 9 அடிக் கல் மட்டுமே சுமார் 80 கிலோ இருக்கும். சிங்குக்கு முன்பின்னாக 17 அங்குலம் வெட்டினால் மீதி 7 அங்குலம்தான். குழாய்க்காகப் பின்னால் 4 அங்குலம் விட்டால், முன்னால் நிற்பது 3 அங்குலப் பட்டை. பாத்திரம் தேய்க்கும்போது நாம் சாய்வதும் அதன் மேல்தான்.

அடியில் என்ன இருக்கிறது?

சிங்கின் இரு பக்கமும் வெட்டு விளிம்பிலிருந்து 3 அங்குலத்துக்குள் ஒரு கடப்பா பலகையோ செங்கல் சுவரோ நிற்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே, முன்பட்டைக்கு அடியில் ஓர் இரும்பு ஆங்கிள் ஓட வேண்டும். சமையலறையில் ஈரம் குறையாது என்பதால் ரெட் ஆக்ஸைடு பூசாத இரும்பு வேண்டாம். கல்லின் அடியில் காடி வெட்டிக் கம்பி பதிப்பதானால் துருப்பிடிக்காத எஃகு அல்லது ஃபைபர் கம்பிதான் சரி. சாதாரணக் கம்பி துருப்பிடித்து உப்பி, காக்க வேண்டிய கல்லையே பிளந்துவிடும்.

கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க் என்றால் இன்னொரு கவனம் தேவை. 9 அங்குல ஆழத் தொட்டி நிறைந்தால் 50 லிட்டர் தண்ணீர், அதாவது 50 கிலோ. இதை வெறும் சிலிகான் பசையை நம்பித் தொங்கவிடக் கூடாது. சிங்க் உட்கார ஒரு சட்டம் வேண்டும்.

தாங்கிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கல்லை ஏற்றும் முன்பே மட்டப் பலகை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 2 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் அந்த இடத்தில் கல் அந்தரத்தில் நிற்கிறது என்றுதான் பொருள்.

மூலையில் கூர் கூடாது

வெட்டின் நான்கு மூலைகளும் வளைந்திருக்க வேண்டும். கூர்மூலையில் இழுவிசை முழுதும் ஒரே புள்ளியில் குவியும். முதலில் மூலைக்கு ஒன்றாகத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக வெட்டுவதுதான் முறை. வளைவின் ஆரம் 10 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. கிரைண்டரை மூலை தாண்டி ஓட்டினால் அந்தக் கீறலே நாளைய விரிசல். வெட்டிய கல்லைப் படுக்கவைத்துத் தூக்கவும் கூடாது. முன்பட்டையோடு ஒரு மரச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டுக் கட்டி, நிமிர்த்திப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும்.

ஹாபுக்கு வெட்டும் அளவை அதன் கையேட்டிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும். ஹாபின் உடல் கல்லை இறுக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. குவார்ட்ஸில் இது இன்னும் முக்கியம். அதில் கல்துகளைப் பிணைப்பது ரெசின். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது நிறம் மாறும், விரிசலும் விடலாம்.

எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டே வெட்ட வேண்டும். குவார்ட்ஸ் பலகைகளில் சுமார் 90 சதவீதம் சிலிக்கா. அந்தத் தூசி தொழிலாளியின் நுரையீரலை அழிப்பதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல் மேடைகளையே தடை செய்தது.

இணைப்பு

நம் மேடையில் இணைப்பு வரவேண்டிய இடம் 'எல்' மூலை. சிங்கின் நடுவிலோ ஹாபின் ஓரத்திலோ வரக் கூடாது. இணைப்புக்கு நேர் அடியில் ஒரு தாங்கி இருக்க வேண்டும். இரண்டு விளிம்புகளையும் பட்டறை மெஷினில் நேராக வெட்டி, பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி 1.5 மி.மீட்டருக்குள் அடங்க வேண்டும். பிறகு விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, உலரவிட்டு, கல்லின் நிறம் கலந்த எபாக்ஸியைச் சற்றே பொங்கும்படி நிரப்ப வேண்டும். இறுகியபின் மிகுதியைப் பிளேடால் சீவி எடுக்கலாம். வெள்ளை சிமென்ட் வேண்டாம். அது சுருங்கும், எண்ணெயைக் குடித்துக் கறுக்கும். குவார்ட்ஸ் இணைப்பில் உலர் பாலிஷும் வேண்டாம். அந்தச் சூட்டில் பளபளப்பு போய்விடும். சுவரோரம் 3 மி.மீ. விட்டு, அமிலம் கலக்காத நியூட்ரல் சிலிகானால் அடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் மட்டம் பிசகியிருக்கிறது. சிங்க் மூலைகளில் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பாருங்கள். மற்ற இடம் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். தாங்கிகளை மட்டும் கல் ஏறிய பிறகு சரிசெய்ய முடியாது. அதனால் கல்லை ஏற்றும் முன் மேஸ்திரியை நிறுத்தி, சிங்குக்கு முன்னால் ஆங்கிள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.