ஆறு பத்திகளில் ஓர் இதழ்

ஒரு சிற்றூர் வாசகர் வட்டம் 16 பக்கங்களில் காலாண்டிதழ் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். முதல் இதழை அவசரத்தில் முடித்திருக்கிறார்கள். அச்சாகி வந்ததும் புரட்டிப் பார்த்தால், 5-ஆம் பக்கத்தில் பக்க எண் மூலையில் இருக்கிறது, 8-இல் நடுவில் இருக்கிறது, 11-இல் காணவே காணோம். ஒரு கட்டுரையின் எழுத்து 10 பாயின்ட், அடுத்ததில் 10.5. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கையால் அமைத்ததன் விளைவு இது. ஸ்கிரைபஸ் என்ற இலவச, திறமூல லே-அவுட் மென்பொருளில் இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. எண் எங்கே, பத்தி எவ்வளவு அகலம், எழுத்து என்ன அளவு என்பதையெல்லாம் ஒரே ஒருமுறை முடிவு செய்து வார்ப்புருவாகச் சேமித்துவிடலாம்.

தொடங்கும் முன் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பழைய 1.4 வரிசையில் தமிழ் யூனிகோடு சரியாக வராது. ‘கெ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஓமான் நாட்டுக் குழு ஒன்று அரபு எழுத்துக்காக எழுத்துக்கோக்கும் பகுதியைத் திருத்தி எழுதியது. அந்த வேலையின் பலன் 1.5 வரிசை வழியாகத் தமிழுக்கும் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பு. தமிழ் இதழுக்கு அதையோ அதற்குப் பிந்தையதையோதான் எடுக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரைகளை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதும் அவசியம்.

புதிய ஆவணத்தில் ஏ4 தாள், எதிரெதிர் பக்க அமைப்பு, முதல் பக்கம் வலப்பக்கம். உள் ஓரம் 18 மி.மீ., வெளி ஓரம் 15 மி.மீ. நான்கு புறமும் 3 மி.மீ. பிளீட், அதாவது தாளை வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதபடி படம் நீளும் கூடுதல் இடம். 210 மி.மீ. அகலத்தில் ஓரங்கள் போக மிஞ்சுவது 177 மி.மீ.

இனி அதை எத்தனை பத்தியாகப் பிரிப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். செய்தித்தாள் பழக்கத்தில் மூன்று பத்தி என்று முடிவு செய்தால் ஒவ்வொன்றும் 56 மி.மீ. வரும். துணுக்குச் செய்திக்கு அது போதும். நீண்ட கட்டுரைக்கு, தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு, அது நெருக்கடி. ‘கொண்டாடப்பட்டிருக்கிறது’ போன்ற ஒரு சொல் வந்தால் வரியில் பாதி போய்விடும்; இருபுறமும் சமமாக இழுத்துக் கட்டினால் மிஞ்சிய சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். சரி, இரண்டு பத்தி என்றால் துணுக்குப் பக்கம் சோர்ந்துவிடும்.

ஆறாகப் பிரித்தால் இரண்டும் கைக்கு வரும். இடைவெளி 4.5 மி.மீ. வீதம் ஐந்து இடைவெளிக்கு 22.5 போக, ஒரு பத்திக்கு 25.75 மி.மீ. கிடைக்கும். இந்த ஒற்றைப் பத்தியில் யாரும் கட்டுரையை ஓட்டப்போவதில்லை. அது அளவுகோல் மட்டுமே. இரண்டைச் சேர்த்தால் இடைவெளியோடு 56 மி.மீ., துணுக்குக்கு. மூன்றைச் சேர்த்தால் 86.25 மி.மீ., கட்டுரைக்கு. நான்கை எடுத்துப் படத்துக்குக் கொடுத்து, மீதி இரண்டில் குறிப்பு எழுதலாம். பக்கங்கள் வேறுவேறாகத் தோன்றும், ஆனால் விளிம்புகள் எல்லாம் ஒரே கோடுகளில் போய் நிற்கும். ஸ்கிரைபஸில் Page > Manage Guides சாளரத்தில் பத்தி 6, இடைவெளி 4.5 எனக் கொடுத்து, கணக்கைத் தாளிலிருந்து அல்லாமல் ஓரங்களிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். இதை மறந்தால் கோடுகள் தாளின் விளிம்பிலிருந்தே தொடங்கிவிடும். பிறகு எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்தும் பொத்தான் அங்கேயே இருக்கிறது.

அடுத்தது Edit > Master Pages. மாஸ்டர் பக்கத்தில் வைத்தது, அதைப் பொருத்திய எல்லாப் பக்கங்களிலும் தானாகத் தோன்றும். எதிரெதிர் பக்க ஆவணத்தில் Normal Left, Normal Right என இரண்டு ஏற்கெனவே இருக்கும். இரண்டிலும் வெளி மூலையில் சிறு டெக்ஸ்ட் பிரேம் போட்டு, Insert மெனுவிலிருந்து பக்க எண் குறியை நுழைத்தால் ‘#’ என்று தெரியும். வழக்கமான பக்கத்துக்குத் திரும்பியதும் அது உண்மையான எண்ணாகிவிடும். ஒரு பக்கத்தில் எண் முதுகுப் பக்கம் ஒதுங்கியிருந்தால், வலப்பக்கத்துக்கு இட மாஸ்டர் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் ஒற்றைப் பக்கத்தை நுழைத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் இடவலம் மாறிப்போவதால், பக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்ப்பதே நல்லது.

இன்னொரு தொல்லை, முழுப் பக்கப் படம் போட்டவுடன் பக்க எண் மறைந்துவிடுவது. எண் அழியவில்லை. ஒரே அடுக்கில் மாஸ்டர் பொருள்கள் பக்கத்துப் பொருள்களுக்கு அடியில்தான் வரையப்படும். படம் மேலே ஏறி மூடிவிட்டது. லேயர் சாளரத்தில் மேலே ஓர் அடுக்கை உருவாக்கி, மாஸ்டரில் உள்ள எண் பிரேமை அதற்கு நகர்த்தினால் எண் படத்தின் மேல் வந்து நிற்கும். கட்டுரைக்கான பிரேமை மட்டும் மாஸ்டரில் வைக்கக் கூடாது. வழக்கமான பக்கத்திலிருந்து அதைத் தொட முடியாது, எழுத்தையும் ஊற்ற முடியாது.

எழுத்தின் அமைப்புக்கு ஸ்டைல்கள், F4 விசையில். ‘உடல்’ என்றொரு பாரா ஸ்டைல்: 10 பாயின்ட் எழுத்து, இருபுறச் சமம், வரி இடைவெளியாக Align to Baseline Grid. அந்தக் கட்டத்தின் அளவை Document Setup-இல் 14 பாயின்ட் என வைத்தால் பக்கத்துப் பத்தி வரிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். அடுத்து ‘துணுக்கு’: இது ‘உடல்’ ஸ்டைலின் பிள்ளை. இடப்புறம் மட்டும் சீராக்குவது என்ற ஒன்றைத்தான் இதில் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் தாயிடமிருந்து வரும். குறுகிய பத்தியில் ஓட்டை விழுவதும் இதனால் நிற்கும். பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமம் என்று ஆசிரியர் குழு சொன்னால் ‘உடல்’ ஒன்றை 10.5 ஆக்கினால் போதும், இரண்டும் மாறும்.

மாறாத பாரா ஏதாவது தென்பட்டால், யாரோ அங்கே எழுத்தளவைப் பண்புச் சாளரத்தில் கையால் மாற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். கையால் செய்த மாற்றம் ஸ்டைலை மீறி நிற்கும். ஸ்டைல் பெயருக்கு அருகில் உள்ள துடைப்புப் பொத்தான் அதைக் கழுவிவிடும்.

இத்தனையும் ஆனபின், கட்டுரைகளை இட்டு நிரப்பும் முன்பே, File > Save as Template. பிறகு ஒவ்வோர் இதழையும் New from Template வழியாகத் தொடங்கலாம்.

இதழ் முடிந்து பி.டி.எஃப். எடுக்கப் போனால் ஸ்கிரைபஸ் முதலில் தானே ஒரு சோதனை செய்து பிழைப் பட்டியலை நீட்டும். ‘எழுத்து வழிகிறது’ என்ற எச்சரிக்கையைப் புறக்கணித்தால் கட்டுரையின் கடைசி வரிகள் அச்சில் வராது. எழுத்துருவில் இல்லாத எழுத்து, குறைந்த தரப் படம் ஆகியவையும் அங்கே தெரியும். அச்சகத்துக்கான கோப்பில் வெளியீடு Printer என இருக்க வேண்டும், எழுத்துருக்கள் உள்ளே பதிக்கப்பட வேண்டும், ஆவணத்தின் பிளீடும் வெட்டுக் குறிகளும் சேர வேண்டும். பக்கங்கள் 1, 2, 3 என்று ஒற்றையாகவே போகட்டும். மடிப்புக்கேற்ப அவற்றை அடுக்குவது அச்சகத்தின் வேலை.

கறுப்பு எழுத்தை மட்டும் தனியாகச் சோதிப்பது நல்லது. ஆர்.ஜி.பி. கறுப்பில் இருந்த எழுத்து அச்சில் நான்கு மைகளாகப் பிரியக்கூடும். தட்டு மயிரிழை விலகினாலும் எழுத்தோரம் நிழல் தட்டும். Output Preview சாளரத்தில் கறுப்பு மையை அணைத்துப் பார்க்கலாம். கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். எழுத்து முழுதும் மறைந்தால் சரி. மங்கலாக மிஞ்சினால் ஸ்டைலில் நிறத்தை Black என்று மாற்ற வேண்டும்.

வார்ப்புருவை நான்காவது இதழின்போது திருத்தினால் முந்தைய மூன்று இதழ்களின் கோப்புகள் மாறாது. தொடங்கிய கணத்திலேயே ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகிவிடுகிறது. பாதி முடிந்த இதழுக்கும் புதிய ஸ்டைல் வேண்டுமென்றால் F4 சாளரத்தின் Import பொத்தானால் வார்ப்புருவிலிருந்து கொண்டுவரலாம். எழுத்தளவு மாறினால் வரிகள் நகரும். ஆகவே அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் பிரேமின் கீழ் வலது மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.