பேஸ்மென்ற் பெட்டியில் புளித்த மணம்: மண்புழு எரு செய்யக் கற்றுக்கொண்ட கதை

எங்கள் வீட்டு பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. நாற்பத்தைந்து லீற்றர் கொள்ளளவு, ஒரு முழத்துக்குக் குறைவான ஆழம். மூடியிலும் பக்கங்களிலும் துளைகள் போட்டிருக்கிறோம். ரொறன்ரோவில் வெளியே இருபது பாகை உறைகுளிர் அடிக்கும்போதும் உள்ளே புழுக்கள் தங்கள் பாட்டில் வேலை செய்கின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் ஒரு செயற்றிட்டத்துக்காகத் தொடங்கிய பெட்டிதான் இது. பாடசாலை முடிந்ததும் வைத்திருக்க ஆளில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த இரண்டாம் மாதமே அதைக் கெடுத்துவிட்டோம். ஏன் கெட்டது, எப்படி மீட்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் எங்களைப் போலச் சமைக்கும் எந்த வீட்டிலும் இதே பிழை நடக்கக்கூடும்.

முதலில் புழுவைப் பற்றி. ஊரில் மழை பெய்தால் முற்றத்தில் நெளியும் நாக்கிளிப்புழு மண்ணுக்குள் ஆழமாகத் துளைத்து வாழ்வது. அதைப் பிடித்துப் பெட்டியில் விட்டால் தங்காது. பெட்டிக்கு உகந்தது சிவந்த, மெல்லிய, விரலளவு நீளமான வேறொரு இனம். ஐசீனியா ஃபெட்டிடா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இது மண்ணில் அல்ல, உக்கும் இலைகுழையிலும் சாணக் குவியலிலும் மேலாக வாழ்வது. தோட்டத்துக்குக் குழை தாட்டு, மாட்டெரு பரப்பி வளர்ந்த எங்கள் பெரியவர்கள், எருக்கும்பியைக் கிளறும்போது இப்படிப்பட்ட புழுக்களைக் கண்டிருப்பார்கள்.

இந்தப் புழுவுக்குப் பல் இல்லை. நாம் போடும் தோலையும் காம்பையும் அது நேரே கடித்துத் தின்பதில்லை. முதலில் பக்றீரியாவும் பூஞ்சணமும் அவற்றை மென்மையாக்க வேண்டும். அந்தக் கூழையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் புழு விழுங்குகிறது. அதற்கு நுரையீரலும் இல்லை, ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. ஆகவே தோல் காய்ந்தாலும் சாகும், காற்றில்லாத சேற்றில் மூழ்கினாலும் சாகும். பெட்டியில் நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு உண்மைகளில் வந்து முடிகின்றன.

பெட்டிக்குள் படுக்கை தேவை. பத்திரிகைத் தாளையும் காட்போட் பெட்டிகளையும் கீலம் கீலமாகக் கிழித்து, தண்ணீரில் தோய்த்து, பிழிந்து போட்டோம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு துளி மட்டும் விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடிவிட்டது. அதன்மேல் ஒரு கைப்பிடி தோட்ட மண்ணும் தூளாக்கிய முட்டைக்கோதும். பல்லில்லாத புழுவின் வயிற்றில் அரைப்பதற்கு இந்தப் பரல்தான் உதவும். வெப்பநிலை பதினைந்து முதல் இருபத்தைந்து பாகை வரை இருந்தால் போதும். கனடா வீட்டு பேஸ்மென்ற் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். பெட்டியில் இருந்த புழுக்கள் ஏறக்குறைய 250 கிராம். வீட்டில் புழு வளர்ப்பதைப் பற்றி 1982இல் நூல் எழுதிய அமெரிக்க ஆசிரியை மேரி அப்பெல்ஹோஃப் சொன்ன கணக்கு, ஒரு பங்கு அன்றாடக் கழிவுக்கு இரண்டு பங்கு புழு என்பது. அதன்படி எங்கள் புழுக்களுக்கு நாளுக்கு 125 கிராம், கிழமைக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. புதுப் பெட்டியில் நுண்ணுயிர்கள் இன்னும் பெருகியிராது என்பதால், முதல் இரண்டு மாதமும் அதில் பாதிதான் கொடுக்க வேண்டும். அன்று வீட்டில் விருந்து. இருபது பேருக்குச் சமைத்தோம். மிஞ்சியதெல்லாம் புழுவுக்கு நல்லதுதானே என்று, மரக்கறித் தோலோடு பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும், மிச்சச் சோற்றையும், வெங்காயத் தோலையும், பிழிந்த தேசிக்காய்களையும் சேர்த்து மூன்று கிலோவுக்குக் கிட்டக் கொட்டி மூடினோம். பழகிய பெட்டிக்கே மூன்று கிழமைக்கு மேல் காணக்கூடிய உணவு அது.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது கள்ளுப் புளித்த மணம் முகத்தில் அடித்தது. ஐந்தாம் நாள் புழுக்கள் மூடியின் உட்புறம் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில வெளியே வந்து சீமெந்துத் தரையில் காய்ந்து கிடந்தன. இரண்டொன்றின் உடல் மணிமாலை கோர்த்ததுபோல இடையிடையே வீங்கியிருந்தது. சோற்றின் மாப்பொருள் புளித்து அமிலமாகியிருக்கிறது. தேங்காய்ப்பூவில் மிஞ்சிய எண்ணெய், படுக்கையின் இழைகளை மூடிக் காற்றை மறித்திருக்கிறது. இவ்வளவும் ஒன்றாக உக்கியதால் நடுப்பகுதி கையில் இளஞ்சூடாகத் தெரிந்தது. தேசிக்காய்த் தோலின் எண்ணெயும் புழுவுக்கு ஆகாது. ஒவ்வொன்றும் தனியாகச் சிறிதளவு விழுந்திருந்தால் பெட்டி தாங்கியிருக்கும்.

மூக்கை நம்பலாம் என்பது அன்று தெரிந்தது. புளித்த மணம் என்றால் சோறு, பாண், பழம் கூடிவிட்டது என்று அர்த்தம். கூழ்முட்டை மணம் வந்தால் ஈரம் தேங்கிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது. மூக்கைக் குத்தும் அமோனியா மணம் வந்தால் இறைச்சி, பருப்பு போன்றவை கூடித் தாளும் காட்போட்டும் குறைந்துவிட்டன. அரை அங்குல நீளத்தில் நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள் கூட்டமாகத் தெரிந்தால், அவை குட்டிப் புழுக்கள் அல்ல. புளிப்பும் ஈரமும் கூடிய இடத்தில் பெருகும் வேறு இனம் அவை. கெடுதல் செய்யாவிட்டாலும் பெட்டியின் நிலைமையைச் சொல்லிவிடும். உண்மையான குட்டிகள் இளஞ்சிவப்பாக இருக்கும், உடலுக்குள் சிவந்த நரம்பு தெரியும்.

மீட்ட விதம் இதுதான். கையுறை போட்டுச் சோற்றுக் கட்டிகளையும் தேங்காய்ப்பூவையும் தேசிக்காயையும் தெரிந்து எடுத்தோம். உள்ளே இருந்தவற்றுக்குச் சம அளவு காய்ந்த காட்போட் கீலங்களைப் போட்டு மெதுவாகப் பிரட்டினோம். இரண்டு மேசைக்கரண்டி முட்டைக்கோதுத் தூளைத் தூவினோம். அது மெதுவாகப் புளிப்பைத் தணிக்கும். சுண்ணாம்பு போடலாமே என்று வீட்டில் ஒருவர் சொன்னார். நீற்றிய சுண்ணாம்பு புழுவின் தோலைச் சுட்டுவிடும் என்பதால் தொடவில்லை. மூடியைப் பாதி திறந்து, பெட்டிக்கு மேல் மின்குமிழை எரிய விட்டோம். புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து கீழே இறங்கும், ஓடிப் போகா. இரண்டு கிழமைக்கு ஒன்றும் போடவில்லை. பத்தாம் நாள் அளவில் மணம் மாறியது. எத்தனை புழு செத்தது என்று கணக்கெடுக்க முடியவில்லை. செத்த புழு இரண்டொரு நாளில் கரைந்துவிடும், உடல் கிடையாது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு எலுமிச்சம்பழ வடிவில் கடுகளவு முட்டைக்கூடுகள் தெரிந்தன. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குட்டிகள் வரும்.

அதன் பிறகு வீட்டில் ஒரு பிரிவினை செய்துகொண்டோம். உப்பு, எண்ணெய், தூள் பட்ட எதுவும், சோறும், மீன் இறைச்சியும், தேசிக்காயும் நகரசபையின் பச்சைத் தொட்டிக்கு. சமைக்கு முன் வெட்டி எறியும் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை மட்டும் புழுவுக்கு. அவற்றையும் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்து, பிறகு இளக விட்டுப் போடுகிறோம். உறைந்து இளகிய தோல் சீக்கிரம் உக்கும். வாழைப்பழத் தோலில் ஒட்டி வரும் பழ ஈக்களின் முட்டையும் செத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை, பெட்டியின் ஒரு மூலையில் புதைத்து, மேலே இரண்டு அங்குலம் தாள் மூடுகிறோம். அடுத்த கிழமை அடுத்த மூலை. போன முறை போட்டது இன்னும் அப்படியே கிடந்தால் அந்தக் கிழமை பட்டினிதான். சனிக்கிழமை மட்டும் கூடும் பாடசாலைக்கும் இந்த முறை பொருந்தும். படுக்கைத் தாளே உணவாகுமென்பதால் இரண்டு மூன்று கிழமை விடுமுறையில் புழு சாகாது.

நாலரை மாதத்தில் பெட்டியின் ஒரு பாதி கறுத்துப்போனது. எரு தயாரா என்று பார்க்க நாங்கள் மூன்று விதமாகச் சோதித்தோம். முதலில் கண்ணும் மூக்கும். போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியக்கூடாது, முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் வேண்டும். அடுத்து, ஈரமான எருவில் ஒரு பிடியைச் சிப் வைத்த பையில் போட்டு இறுக்கி மூன்று நாள் வைத்தோம். திறக்கும்போது புளித்தால் உள்ளே இன்னும் உக்காத சரக்கு இருக்கிறது. மூன்றாவது சோதனை பிள்ளைகளுடையது. ஒரு கோப்பையில் கடைச் சாடிமண், இன்னொன்றில் அதே மண்ணோடு கால் பங்கு எரு, ஒவ்வொன்றிலும் பத்துக் கடுகு. எருவுள்ள கோப்பையில் கடுகு குறைவாக முளைத்தாலோ, முளை நுனி கருகினாலோ எரு இன்னும் முதிரவில்லை, அல்லது உப்பு கூடிவிட்டது. எங்கள் முதல் அறுவடையில் நாலு கடுகுதான் முளைத்தன. விருந்துச் சோற்றின் உப்பு அங்கே இருந்திருக்க வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, இன்னும் ஒரு மாதம் வைத்த பிறகு ஒன்பது முளைத்தன.

இந்த எருவில் தழைச்சத்து ஒன்றிரண்டு வீதம்தான். தனியாகச் சாடியில் நிரப்பினால் பிசினாகி வேர் மூச்சுத் திணறும். கறிவேப்பிலைச் சாடிக்கு நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு போதும். அதுவும் மரம் உறங்கும் மார்கழி, தையில் வேண்டாம். புதுத் துளிர் வரும் பங்குனியில் கொடுக்கிறோம். அதுவரை எருவைக் காற்றுப் போகும் வாளியில், காயவிடாமல் வைத்திருக்கலாம். ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பெட்டி குப்பைமேடுபோலச் சூடேறாது. அதனால் தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் பிறகு சாடியெங்கும் முளைக்கும். பூனை, நாயின் கழிவையும் இதில் போடக்கூடாது, அதிலுள்ள கிருமி சாகாது.

கோடையில் புழு பெருகியபோது, மிஞ்சியதைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக் காட்டில் விட்டால் நல்லதுதானே என்று அம்மம்மா கேட்டார். ஊரில் என்றால் நாமும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் பனியுகத்தில் பனிப்பாறை மூடிக்கிடந்த இந்த நிலத்தில் மண்புழு இல்லாமலே மேப்பிள் காடுகள் வளர்ந்தன. இப்போதுள்ளவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியர் வந்த பிறகு மண்ணோடும் தூண்டில் இரையாகவும் வந்தவை. அவை காட்டுத் தரையின் இலைப் படுக்கையைத் தின்று தீர்க்க, அதில் முளைக்க வேண்டிய செடிகள் முளைக்க முடியாமல் போகின்றன. ஆகவே வெளித் தோட்டத்துக்கு எருக் கொண்டுபோகும் முன், புழுவைப் பிரித்தெடுத்துவிட்டு, எருவை ஒரு கிழமை உறைய வைக்கிறோம். மிஞ்சிய புழுக்களில் பாதி, ஈரத் தாளோடு ஐஸ்கிறீம் பெட்டியில், மார்க்கத்தில் உள்ள இன்னொரு குடும்பத்துக்குப் போனது. கொடுக்கும்போது அம்மம்மாவே சொல்லிவிட்டார், விருந்து வைத்தால் இதுக்குச் சோறு போட்டுவிடாதையுங்கோ என்று.