ஆட்டம் எந்த ஓவரில் திரும்பியது?

2024 ஜூன் 29 அன்று பார்படோஸில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 176 ரன், தென்னாப்பிரிக்கா 169. இதை அன்றிரவே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் கட்டுரையைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: 30 பந்தில் 30 ரன் போதும், கையில் ஆறு விக்கெட், களத்தில் கிளாசனும் மில்லரும். இந்த இடத்திலிருந்து எப்படித் தோற்றார்கள்? கட்டுரை இந்தக் கேள்வியில் தொடங்கலாம். முதல் ஓவரிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் இது நடுவில் எங்கோ புதைந்துவிடும்.

எழுத உட்காரும் முன், ஒவ்வொரு ஓவர் முடிவிலும் தேவைப்பட்ட ரன்னை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. 15 ஓவர் முடிவில் 30 ரன். அடுத்த நான்கு ஓவர்களில் வந்தவை 4, 4, 2, 4. கடைசி ஓவருக்கு 16 ரன் மிச்சம். ஓவருக்கு ஆறு ரன் என்றிருந்த தேவை பதினாறாக ஏறியது இந்த 24 பந்துகளில்தான்.

பெரும்பாலோர் நினைவில் நிற்பது கடைசி ஓவரின் முதல் பந்தில் எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் பிடித்த கேட்ச். அது போயிருந்தால் சிக்ஸர்; 5 பந்தில் 10 ரன் என்றாகியிருக்கும். கேட்ச் ஆட்டத்தை முடித்தது உண்மை. ஆனால் மில்லர் அந்தப் பந்தை அப்படி அடித்தே தீர வேண்டிய நிலை அதற்கு முன்பே உருவாகிவிட்டது. திருப்பிய இடத்தையும் முடித்த இடத்தையும் பிரித்துக் காட்டாத கட்டுரை, கண்ணில் பட்டதையே காரணமாக்கிவிடும்.

அடுத்து, ஏன்? குல்தீப்பும் அக்சரும் எட்டு ஓவரில் 94 ரன் கொடுத்திருந்தார்கள். அக்சரின் 15ஆவது ஓவரில் மட்டும் 24. அப்போது பும்ராவுக்கு இரண்டு ஓவர், ஹர்திக்குக்கு மூன்று, அர்ஷ்தீப்புக்கு ஒன்று மீதமிருந்தன. மொத்தம் ஆறு; வீச வேண்டியவை ஐந்து. சுழலை மறுபடி தொடவே தேவையில்லை. 17ஆவது ஓவரின் முதல் பந்தில் ஹர்திக் கிளாசனை வீழ்த்தினார். அடுத்து வந்த யான்சனை பும்ரா போல்டாக்கினார். மில்லருக்குத் துணை நிற்க முழுநேர பேட்டர் எவரும் மிச்சமில்லை. என் வாதம் இதுதான்: ரோகித்திடம் மீந்திருந்த ஓவர்களே ஆட்டத்தைத் திருப்பின. கட்டுரையின் மற்ற பத்திகள் இதைத் தாங்க வேண்டும். கோலியின் 76 போன்ற தாங்காத தகவல் ஒரு வரியில் போகலாம்.

'அழுத்தத்தில் சரிந்தார்கள்' என்பதை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். கிளாசன் அவுட்டாவதற்குச் சற்று முன், பந்த் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டதில் ஆட்டம் சிறிது நேரம் நின்றது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவே பந்த் அப்படிச் செய்ததாக ரோகித் பிற்பாடு சொன்னார். அது இந்திய அணியின் நோக்கத்துக்குச் சான்று. கிளாசனின் கவனம் அதனால் சிதறியதா என்பதற்குச் சான்று ஆகாது. ஆகவே அந்த இடைநிறுத்தம் கட்டுரையில் ஒரு சாத்தியமாக இடம்பெறலாம், காரணமாக அல்ல.