முறுக்கு மட்டும் ஷாஃப்டை ஒடிப்பதில்லை

சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் தோல் உரித்த மரவள்ளிக் கிழங்கைத் துருவ ஒரு டிரம் சுழலும். அதன் ஷாஃப்ட் முனை பேரிங்கைத் தாண்டி நீண்டிருக்கும். அந்த முனையில்தான் பெல்ட் ஓடும் புல்லி உட்காரும். ஷாஃப்ட் ஒடிந்தால் பெரும்பாலும் இந்தப் புல்லிப் பக்கத்துப் பேரிங் ஓரத்தில்தான் ஒடியும். காரணத்தை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மோட்டார் 20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட். ஷாஃப்டின் வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று.

T = 9550 × 15 / 600 ≈ 239 N·m

இது முறுக்கு. கிழங்கோடு கல்லும் வரலாம் என்பதால் அதிர்வுக்காக இதை ஒன்றரை மடங்காக்குவோம்: 358. சாவிக்காடி வெட்டிய சாதாரண எஃகு ஷாஃப்டுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 42 நியூட்டன் வெட்டுத்தகைவை அனுமதிப்பது வழக்கம். முறுக்கை மட்டும் பார்த்தால் சுமார் 35 மி.மீ. விட்டமே போதும் என்று கணக்கு சொல்லும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

பெல்ட் ஷாஃப்டைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை, பக்கவாட்டில் இழுக்கவும் செய்கிறது. புல்லியின் விட்டம் 300 மி.மீ. என்றால், 239-ஐ ஆரம் 0.15 மீட்டரால் வகுக்க 1,592 நியூட்டன் வரும். பெல்ட்டின் இறுக்கப் பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவை வித்தியாசம் இது. இறுக்கப் பக்கம் மூன்று மடங்கு இழுக்கிறது என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து ஷாஃப்டை இழுப்பது சுமார் 3,180 நியூட்டன். பேரிங்கிலிருந்து புல்லியின் நடுப்பகுதி 150 மி.மீ. தள்ளியிருந்தால், பேரிங் இடத்தில் வளைவுத் திருப்பம் 477 N·m. முறுக்கைப் போல இது இரு மடங்கு! அதிர்வுக்காக இரட்டித்தால் 955.

வளைவும் முறுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அதனால் இரண்டையும் நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண்கிறோம்.

Te = √(955² + 358²) ≈ 1020 N·m
d³ = 16 Te / (π × 42)

Te-ஐ நியூட்டன்-மில்லிமீட்டரில் போட்டால் விட்டம் 49.8 மி.மீ. வரும். ஆக, 50 மி.மீ. ஷாஃப்ட் வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே டிரம்மின் எடை தரும் வளைவைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

மோட்டார் ஒரே சீராக ஓடினால் முறுக்கு ஏறக்குறைய மாறாது. வளைவு அப்படியல்ல. மேலே இழுபடும் எஃகு அரைச் சுற்றில் கீழே வந்து அமுங்குகிறது. 600 சுற்றில் ஒரு மணிக்கு 36,000 தடவை இழுபட்டு அமுங்கிக் களைக்கிறது. சாவிக்காடி மூலையிலோ, விட்டம் குறையும் கூர்மையான படியிலோ மயிரிழை விரிசல் பிறந்து உள்ளே நகர்கிறது. ஒடிந்த முகத்தில் கடல் அலை மணலில் விட்ட கோடுகள்போல வழவழப்பான வளைவுகளும், ஓர் ஓரத்தில் சொரசொரப்பான திட்டும் தெரிந்தால் அது களைப்பு முறிவு. அதே 35 மி.மீ. ஷாஃப்டை மறுபடியும் போட்டால் மறுபடியும் ஒடியும்.

பெல்ட் வழுக்குகிறதென்று அளவுக்கு மேல் இறுக்கினால் முறுக்கு கூடாது, வளைவு கூடும். புல்லியைப் பேரிங்கிலிருந்து 75 மி.மீ. தூரத்துக்கு நெருக்கினாலோ, தேவையான விட்டம் 42 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

லேத் பட்டறையில் ஷாஃப்டுக்குச் சொல்லும்போது குதிரைத்திறனையும் சுற்றையும் மட்டும் சொல்லாதீர்கள். புல்லியின் விட்டத்தையும், பேரிங்கிலிருந்து அது நிற்கும் தூரத்தையும் அளந்து சொல்லுங்கள்.