சிங்கப்பூரில் பில்லும் டிப்ஸும்

சிங்கப்பூரில் பல உணவகங்களின் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருக்கும். முதல் கூட்டல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 முதல் 9 சதவீதமாக இருக்கும் பொருள் சேவை வரி.

40 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 4 வெள்ளி சேர்ந்து 44 ஆகும். வரி அந்த 44-க்குத்தான் போடப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனவே கொடுக்க வேண்டியது 47.96 வெள்ளி. அதற்கு மேல் டிப்ஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் சேவைக் கட்டணம் கடையின் வருமானம். பரிமாறியவர் கைக்கு அது அப்படியே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நன்றாகக் கவனித்தவருக்கு ஏதாவது தர விரும்பினால், அவர் கையிலேயே கொடுப்பது நல்லது. உணவங்காடிகளில் சேவைக் கட்டணமே கிடையாது.

டாக்சியில் டிப்ஸ் வழக்கமில்லை. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாகும்: 20 வெள்ளி காட்டினால் 30. சாலைக் கட்டணமும் விமான நிலையக் கட்டணமும் தனி. ரசீது கேட்டால் எல்லாம் அதில் இருக்கும்.