வட்டத்தில் நின்று அம்பைப் படிப்பது

சில வட்டங்கள், அவற்றை இணைக்கும் அம்புகள், ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு சின்னக் குறிப்பு. ஸ்டேட் டயகிராம் என்னும் நிலைப்படத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனாலும் கணினி அறிவியல் மாணவர்கள் பலர் முதல் முறை இதைத் தவறாகவே படிக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே பழகியது ஃப்ளோசார்ட். அதில் கட்டம் என்றால் ஒரு வேலை; அது முடிந்ததும் தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். நிலைப்படத்தின் வட்டம் வேலை அல்ல, காத்திருப்பு. வெளியிலிருந்து ஏதாவது நடக்கும்வரை இயந்திரம் அங்கேயே நிற்கும். இந்த ஒன்று மனத்தில் பதிய, நாணயம் போட்டால் பொருள் தரும் வெண்டிங் மெஷினைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிஸ்கட் பாக்கெட் விலை 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை மட்டும் ஏற்கும். பணத்தைத் திரும்பப் பெற ஒரு ரத்து பொத்தான் உண்டு. தாளில் மூன்று வட்டங்கள் போட்டு 0, 5, 10 என்று எழுதச் சொல்லுங்கள். இதுவரை உள்ளே விழுந்த தொகையைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. 0 வட்டத்துக்கு எங்கிருந்தோ வருவதுபோல ஓர் அம்பு இருக்கும். தொடக்கம் அங்கே என்பதற்கான அடையாளம் அது.

இனி ஒரு அம்பை எடுத்துக்கொள்வோம். 10-லிருந்து 0-க்குப் போகும் அம்பின் மேல் "10 / பாக்கெட், மீதி 5" என்று இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது நடந்தது, பின்னால் இருப்பது இயந்திரம் செய்வது. மாணவர் இதை முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "உள்ளே 10 ரூபாய் இருக்கும்போது இன்னொரு 10 ரூபாய் விழுந்தால், பாக்கெட்டும் 5 ரூபாய் மீதியும் தந்துவிட்டு 0-க்குத் திரும்பும்." எல்லா அம்புகளையும் இப்படிச் சொல்லிவிட்டால் படத்தைப் படித்தாயிற்று.

அடுத்து, 0 வட்டத்தின் மேல் ஒரு பொத்தானை வைத்து, நிகழ்வுகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "5 விழுந்தது." பொத்தான் 5-க்கு நகரும். "மறுபடி 5." 10-க்கு வரும். இங்கே சற்று நிறுத்தி, "இப்போது ரத்து" என்று சொல்லிப் பாருங்கள். "அந்த ரெண்டு அஞ்சு ரூபாயும் திரும்பி வரும் சார்" என்பார் மாணவர். அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஒரே 10 ரூபாய் நாணயம் விழுந்திருந்தாலும் பொத்தான் இதே வட்டத்தில்தான் நின்றிருக்கும். எந்த வழியாக வந்தோம் என்பது வட்டத்துக்குத் தெரியாது. 10 ரூபாய் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே தெரியும். போட்ட அதே நாணயங்கள்தான் வர வேண்டும் என்றால், இரண்டு ஐந்துக்கு ஒரு வட்டம், ஒரு பத்துக்கு ஒரு வட்டம் எனப் பிரிக்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத் தேவையான நினைவு எதுவோ, அதுதான் நிலை. என் அனுபவத்தில் மாணவருக்குப் படம் உண்மையில் பிடிபடுவது இந்த இடத்தில்தான்.

படத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. நிலைகள் மூன்று, நிகழ்வுகள் மூன்று: 5 நாணயம், 10 நாணயம், ரத்து. ஆக ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் படத்தில் பதில் இருக்க வேண்டும். நாணயங்களுக்கு ஆறு அம்புகள், ரத்துக்கு மூன்று. பெரும்பாலும் விட்டுப்போவது 0-இல் ரத்தை அழுத்தினால் என்ன என்பதுதான். எதுவும் நடக்காது என்றாலும், அங்கிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் வளைந்த அம்பாக அதைப் போடலாம். மென்பொருள் வடிவமைப்பில் பயன்படும் யூஎம்எல் முறையில் அம்பு இல்லாத நிகழ்வு சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும். அதனால் வேண்டுமென்றே விட்டதா, மறந்துபோனதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. பயிலும்போது போட்டுவிடுவதே நல்லது. 10-லிருந்து 0-க்கு மட்டும் மூன்று அம்புகள் உண்டு. பாடநூல்களில் அவற்றை ஒரே கோடாக வரைந்து மூன்று குறிப்புகளை எழுதிவிடுவார்கள். எண்ணும்போது கோடுகளை அல்ல, குறிப்புகளை எண்ண வேண்டும்.

வேறொரு புத்தகத்தில் இதே இயந்திரத்துக்குக் கூடுதல் வட்டங்கள் இருந்தால் மாணவர் குழம்ப வேண்டாம். நாம் வரைந்தது ஜார்ஜ் மீலி 1955-இல் விவரித்த வகை. இயந்திரம் செய்வதை அம்பின் மேல் எழுதுவது. எட்வர்ட் மூர் 1956-இல் விவரித்த வகையில் அது வட்டத்துக்குள் எழுதப்படும். பாக்கெட் தருவதற்கு ஒரு வட்டம், பாக்கெட்டோடு மீதியும் தருவதற்கு இன்னொன்று என்று அங்கே வட்டங்கள் பெருகும்.

மீதி தர உள்ளே 5 ரூபாய் நாணயமே இல்லையென்றால் என்ன ஆகும்? நம் படத்தில் அதற்குப் பதில் இல்லை. பாக்கெட் விலையை 20 ரூபாயாக்கினால் வட்டங்கள் நான்காகும், கேள்விகள் பன்னிரண்டாகும். அந்தப் படத்தை உங்கள் மாணவரையே வரையச் சொல்லி, பன்னிரண்டு கேள்விகளையும் நீங்கள் கேளுங்கள்.