சிடிசி மாறாமல் கைச்சம்பளம் உயருமா? ஹெச்ஆருக்கு எழுத வேண்டிய கடிதம்

வேலைக்கான உத்தரவில் ஆண்டுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் என்று போட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 80,000 ரூபாய் வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். முதல் மாதம் வங்கிக் கணக்கில் விழுவது 68,000 சொச்சம். மீதி எங்கே போனது என்று தேட ஆரம்பிக்கும் ஊழியர், சில மாதங்களில் ஹெச்ஆருக்கு ஒரு கடிதம் எழுத உட்காருகிறார். ‘சிடிசியை ஏற்ற வேண்டாம், உள்ளே இருப்பதை மாற்றிப் போட்டு கையில் வருவதைக் கூட்டித் தாருங்கள்’ என்பதுதான் கோரிக்கை.

நியாயமான கோரிக்கைதான். நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு ஏறாது. ஆனாலும் இப்படி எழுதப்படும் கடிதங்களில் பலவும் பலனில்லாமல் திரும்புகின்றன. எதை மாற்றினால் பணம் கைக்கு வரும் என்று தெரியாமல் கேட்பதே அதற்குக் காரணம்.

அதிகம் பேர் கேட்பது வீட்டு வாடகைப் படியை, அதாவது ஹெச்ஆர்ஏவை, உயர்த்தச் சொல்லித்தான். அப்பாவும் அண்ணனும் வாடகை ரசீது கொடுத்து வரி மிச்சம் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் ஹெச்ஆர்ஏவுக்கு வரிவிலக்கு கிடைப்பது பழைய வரி முறையில் மட்டுமே. ஊழியர் எதுவும் தேர்வு செய்யாவிட்டால் தானாகப் பொருந்துவது புதிய முறை. 2025 ஏப்ரலிலிருந்து அதில், 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்து, ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வருமான வரியே இல்லை. 9 லட்சத்து 60 ஆயிரம் சிடிசியில் இருப்பவர் ஹெச்ஆர்ஏவை இரண்டு மடங்காக்கினாலும் மிச்சமாக அங்கே வரி என்று ஒன்று கிடையாது. ஸ்பெஷல் அலவன்ஸில் குறைந்த தொகை ஹெச்ஆர்ஏவில் கூடும், அவ்வளவுதான். கடிதம் எழுதும் முன் பே ஸ்லிப்பில் வருமான வரிக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால், வரியைக் குறைக்கும் யோசனைகளை மூடி வைத்துவிடலாம்.

வரி இல்லாத இந்தச் சம்பளத்தில் பெரிதாகக் கழிவது பிஎஃப். சிடிசியைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். மாதம் 80,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் பாதி, 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஹெச்ஆர்ஏ 20,000. நிறுவனம் கட்டும் பிஎஃப், அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 4,800. பணிக்கொடைக்காக ஒதுக்குவது 4.81 சதவீதம், 1,924 ரூபாய். மிஞ்சும் 13,276 ஸ்பெஷல் அலவன்ஸ். நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் பணிக்கொடையும் சிடிசியில் எழுதப்பட்டாலும் மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. ஆகவே பே ஸ்லிப்பின் மொத்தமே 73,276 தான். அதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 4,800 பிடிக்கிறார்கள். தொழில் வரியை விட்டுவிட்டால் கையில் 68,476.

இந்த 4,800 முழுவதும் சட்டப்படி கட்டாயம் இல்லை. பிஎஃப் பிடிக்க வேண்டிய ஊதியத்துக்கு உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். 2014 செப்டம்பரில் அது 6,500 ரூபாயிலிருந்து இந்த அளவுக்கு உயர்ந்தது. அதில் 12 சதவீதம் 1,800 ரூபாய். ஊழியர் 1,800, நிறுவனம் 1,800 கட்டினாலே சட்டத்தின் தேவை நிறைவேறிவிடுகிறது. அதற்கு மேல் கட்டுவது இரு தரப்பும் விரும்பிச் செய்வது.

இப்போது அதே சிடிசியைத் திருத்தி எழுதிப் பார்க்கலாம். அடிப்படை, ஹெச்ஆர்ஏ, பணிக்கொடை மூன்றும் அப்படியே இருக்கட்டும். நிறுவனத்தின் பங்கு 4,800 ரூபாயிலிருந்து 1,800 ஆகிறது. விடுபடும் 3,000 ஸ்பெஷல் அலவன்ஸுக்குப் போக, அது 16,276 ஆகிறது. பே ஸ்லிப்பின் மொத்தம் 76,276. ஊழியரின் பிடித்தமும் 1,800 ஆகக் குறைய, கையில் 74,476 ரூபாய். மாதம் 6,000 ரூபாய் கூடுதல். சிடிசி அதே 80,000.

இந்த ஆறாயிரமும் ஊழியரின் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2024-25ஆம் ஆண்டுக்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். மாதம் 6,000 ரூபாய் பத்து ஆண்டுகள் இதே வட்டியில் சேர்ந்தால் சுமார் 11 லட்சம் ஆகும். வட்டிக்கு வரியும் இல்லாத, எளிதில் கைவைக்க முடியாத பணம் அது. மாதம் கூடுதலாக வரும் ஆறாயிரத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை காத்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு, 8.25 சதவீதத்துக்குச் சேமித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த மாற்றம் பெரிய நிம்மதி. அவசரத் தேவை எதுவுமில்லாமல், கணக்கில் கொஞ்சம் கூட விழட்டுமே என்று கேட்பவர் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பதே நல்லது.

ஓய்வூதியத்தைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. வழக்கமான கணக்கில் அது தேவையில்லை. நிறுவனத்தின் பங்கிலிருந்து ஓய்வூதியத் திட்டத்துக்குப் போவது 15,000 ரூபாய்க்கு 8.33 சதவீதம், அதாவது 1,250 மட்டும். பங்களிப்பு 4,800 ஆக இருந்தாலும் 1,800 ஆக இருந்தாலும் அந்த 1,250 மாறுவதில்லை. முழுச் சம்பளத்துக்கு ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தவர்களின் கதை வேறு. அவர்கள் பங்களிப்பைக் குறைக்கக் கேட்கவே கூடாது.

அடிப்படைச் சம்பளத்தையே குறைத்துவிட்டால் என்ன என்று முன்பு பலரும் யோசித்தார்கள். பல நிறுவனங்கள் அடிப்படையை 30, 35 சதவீதத்தில் வைத்து மீதியைப் படிகளாகப் பிரித்துக் கொடுத்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த வழியை அடைத்துவிட்டன. ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும். ஆனால் 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிஎஃப் கட்டுபவருக்கு இதனால் பிடித்தம் கூடாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் விளக்கியிருக்கிறது. ஆகவே கடிதத்தில் அடிப்படையைத் தொடாமல், பிஎஃப் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதை மட்டும் மாற்றக் கேட்பதே சரி.

அலுவலகத்தில் இந்தக் கடிதம் பெரும்பாலும் ஆங்கில மின்னஞ்சலாகத்தான் போகும். எந்த மொழியில் எழுதினாலும் சொல்ல வேண்டியவை இவை:

“என் சிடிசியில் மாற்றம் இல்லாமல், வரும் ஏப்ரல் மாதச் சம்பளம் முதல் என் பிஎஃப் பங்களிப்பை 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் கணக்கிட வேண்டுகிறேன். என் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800. நிறுவனத்தின் பங்கில் குறையும் 3,000 ரூபாயை ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், ஹெச்ஆர்ஏ, பணிக்கொடை ஆகியவற்றில் மாற்றம் கேட்கவில்லை. என் பிஎஃப் சேமிப்பு குறையும் என்பதை அறிந்தே கேட்கிறேன். திருத்திய சம்பளப் பட்டியலை முதலில் எனக்கு அனுப்பி, என் ஒப்புதலைப் பெற்ற பிறகு மாற்றவும். நிறுவன விதிகளில் இதற்கு இடமில்லை என்றால், அந்த விதியையும் அடுத்து எப்போது கேட்கலாம் என்பதையும் தெரிவிக்கவும்.”

இதில் உயிரான வரி மூன்றாயிரத்தைப் பற்றியது. அதை எழுதாமல், ‘என் பிஎஃபைக் குறைத்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டால், இரு பங்குகளும் குறைந்து, நிறுவனத்தின் பங்கில் மிஞ்சியது சம்பளத்துக்கு வராமலே போய்விடலாம். கைச்சம்பளம் 3,000 கூடியதில் மகிழ்ந்து, இன்னொரு 3,000 காணாமல் போனதை ஊழியர் கவனிக்காமல் விட்டுவிடுவார். சில நிறுவனங்கள் தங்கள் பிஎஃப் பங்கை சிடிசிக்குள் வைக்காமல் அதற்கு மேல் தனியாகக் கொடுக்கின்றன. அங்கே வேலை செய்பவர் குறைக்கக் கேட்டால், கிடைத்துக்கொண்டிருந்த பணத்தைத் தானே வேண்டாம் என்று சொல்வதாக ஆகிவிடும். வேலை உத்தரவின் இணைப்புப் பட்டியலில் நிறுவனத்தின் பங்கு கூட்டுத்தொகைக்குள் இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஹெச்ஆர் மறுப்பதற்கும் இடம் உண்டு. வேலையில் சேரும்போதே 1,800 போதும் என்று சொல்பவருக்கு எளிதாகக் கிடைப்பது, பல ஆண்டுகள் முழு அடிப்படைக்கும் கட்டிவந்தவருக்குக் கிடைப்பதில்லை. இடையில் குறைத்தால் பிஎஃப் அலுவலகம் கேள்வி கேட்குமோ என்று நிறுவனங்கள் தயங்குகின்றன. அதனால் வேலை மாறும்போது, சேர்வதற்கு முன்பே கேட்பதுதான் நல்ல நேரம். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் பிஎஃபை அடியோடு நிறுத்தச் சொல்லிக் கேட்பது வீண், வேலையில் இருக்கும்வரை அது நடக்காது. அதேபோல் முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துத் திருத்தச் சொல்லிக் கேட்டாலும் நடக்காது. ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டுவிடுகிறது.

பே ஸ்லிப்பில் விபிஎஃப் என்று தனி வரி இருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அது 12 சதவீதத்துக்கு மேல் ஊழியரே விரும்பிக் கட்டுவது. அதை நிறுத்தச் சொல்லும் கடிதத்துக்கு இரண்டு வரி போதும்.

சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். நிறுவனம் கட்டும் பிஎஃபுக்கு வரி இல்லை, அதே பணம் ஸ்பெஷல் அலவன்ஸாக மாறினால் உண்டு. சிடிசி 13 லட்சத்து 50 ஆயிரம், அடிப்படை அதில் பாதி என்று இருப்பவரின் பே ஸ்லிப் மொத்தம், இதே கணக்கில், ஆண்டுக்கு சுமார் 12 லட்சத்து 36 ஆயிரம். வரி இல்லை. பிஎஃபை 1,800 ஆக்கினால் நிறுவனத்தின் பங்கிலிருந்து ஆண்டுக்கு 59,400 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்து, மொத்தம் 12 லட்சத்து 96 ஆயிரத்தை ஒட்டி வந்துவிடும். 12 லட்சத்து 75 ஆயிரத்தைத் தாண்டிய கிட்டத்தட்ட 21,000 ரூபாயும், அதன் மேல் கல்வி, சுகாதாரத் தீர்வையுமாக, சுமார் 21,800 ரூபாய் வரியாகவே போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் கடிதத்தை அனுப்பும் முன் திருத்திய தொகைக்கு வரி எவ்வளவு என்று அலுவலகக் கணக்குப் பிரிவிடம் கேட்டுவிட வேண்டும்.

கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு, முதல் மாத பே ஸ்லிப்பைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஊழியரின் பிடித்தம் 4,800 ரூபாயிலிருந்து 1,800 ஆகியிருக்க வேண்டும். மொத்தம் 73,276 ரூபாயிலிருந்து 76,276 ஆகியிருக்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நடக்காவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது. நிறுவனத்தின் பங்கு எவ்வளவு கட்டப்பட்டது என்பது பிஎஃப் பாஸ்புக்கில் தெரியும். அங்கே அது 550 என்றும் ஓய்வூதியத்துக்கு 1,250 என்றும் பிரிந்து இருக்கும். இரண்டும் சேர்ந்து 1,800.